எழுந்து நின்ற ஹெட்கிளார்க்

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டு கூட்டுறவுச் சங்கத்தில் சாந்திநாத நயினார் ஹெட்கிளார்க். நாற்காலி அவரைத் தாங்கியதா, அவர் நாற்காலியை விடாமல் பிடித்திருந்தாரா என்று சொல்வது கடினம். பொழுது சாய்ந்தால் வாயில் பருக்கை படாத சமண வீடு. ஆனாலும் தொப்பை மட்டும் எந்த விரதத்துக்கும் கட்டுப்படவில்லை.

"ராத்திரி சாப்பாடே கிடையாது, டாக்டர்."

"அதுக்கும் சேர்த்து சாயங்காலமே உள்ள தள்ளிடுறீங்களே. சோத்தைப் பாதியாக்குங்க. அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நாலு நடை நடங்க. பைலை நின்னுக்கினே படிங்க. நின்னா மட்டும் கரையாது, காலும் அசையணும். மூச்சு வாங்குதே, அதான் பயமா இருக்குது."

நயினாருக்கு வேறு கவலை. பங்குனியில் மனைவி மதனவதியோடு திருமலைச் சமணக் குன்றேறி நேமிநாதரைத் தரிசிப்பதாக வேண்டுதல். போன வருஷம் பாதிப் படியில் உட்கார்ந்து, இறங்கிவிட்டார்.

மறுநாளே எழுந்தார். எழுந்ததும் அறை முழுக்க எழுந்தது. பெரியவர் நிற்கையில் உட்கார்ந்திருப்பது அந்த ஆபீசில் பாவம்.

"உட்காருங்கப்பா, நான் சும்மா நடக்கிறேன்."

"நீங்க நிக்கும்போது எப்படி சார்," என்றாள் டைப்பிஸ்ட் கிருஷ்ணவேணி. டைப்பும் நின்றது.

அரைமணிக்கு ஒருதரம் இதே கூத்து. நூல் வாங்க ஜன்னலில் நின்ற நெசவாளர் பரசுராமன், "கவுண்டரை மூடிட்டாங்கடா" என்று கத்தி வரிசையைக் கலைத்தார். நயினார் மட்டும் விடவில்லை. சோற்றையும் குறைத்தார். மாசிக்குள் பெல்ட்டில் ஓர் ஓட்டை உள்ளே போனது. மதனவதி அதைத் தடவிப் பார்த்தாள். "இந்த வருஷம் ஏறிடுவீங்க," என்றாள்.

அப்போதுதான் செக்ரட்டரி சீனிவாசன் கூப்பிட்டார்.

"நயினாரே, நீங்க எழுந்தா ஆபீசே எழுந்துக்குது. வேலை ஓடல."

"டாக்டர் சொன்னது சார். அவங்களை உட்காரச் சொல்லிடுங்களேன்."

"மரியாதையை நான் எப்படி வேணாங்கறது? உங்களுக்கு ஒரு நல்ல வசதி பண்ணித் தரேன்."

வசதி அடுத்த வாரமே வந்தது. மெத்தை வைத்த சுழல் நாற்காலி, மேஜை மேல் அழைப்பு மணி. பைல், தண்ணீர், வடை எல்லாம் பியூன் கொண்டுவருவான். எழவே வேண்டியதில்லை என்று உத்தரவு. ஆபீசே கைதட்டியது. நயினாரும் தட்டினார், உட்கார்ந்தபடி.

வடையைத் திருப்பி அனுப்பினால் மரியாதைக்குறைவு. பெல்ட் ஓட்டை பழைய இடத்துக்கு வந்தது. பிறகு அதையும் தாண்டியது.

பங்குனியில் அடிவாரத்தில் நின்று படிகளை அண்ணாந்து பார்த்தார். மதனவதி தனியாக ஏறத் தொடங்கினாள். அவருக்கு மூச்சு இரைத்தது.

"ஐயா, நிக்காதீங்க," என்று பூக்கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார்.