பதினோரு மணிக்கே பேசியிருக்கலாம்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பல ஊர்களில் கிடைத்த வேலையைச் செய்துவிட்டு, விழுப்புரத்தில் ஒரு லாரி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பழைய மெயில்களிலிருந்து இங்கிலீஷ் வரிகளை எடுத்து ஒட்டிப் பதில் எழுதுவேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு நாள் காலை திண்டிவனம் குடோனுக்கு பிஸ்கட் லோடு போனது. அதற்கு இரண்டு பில். இரண்டாவதன் தாளை வண்டியில் கொடுத்தனுப்ப மறந்துவிட்டேன். குடோன் மேனேஜருக்கு மெயிலில் மட்டும் இரண்டையும் அனுப்பியிருந்தேன்.

பில்லைவிட நாற்பது பெட்டி அதிகம், இறக்க முடியாது என்று குடோனில் சரக்கு வாங்கும் அம்மாவிடமிருந்து மெயில் வந்தது. முதல் மெயிலைப் பார்க்கவும் என்று எல்லாருக்குமாகப் பதில் போட்டேன். பார்த்தாயிற்று, ஒரு பில்தான் என்றார். ஒவ்வொரு பதிலிலும் யாராவது ஒரு மேலதிகாரி சேர்க்கப்பட்டார். அவர்கள் பார்க்கிறார்கள் என்றானதும் யாரும் விட்டுக்கொடுத்து எழுதவில்லை. நானும்தான்.

பதினோரு மணிக்கு டிரைவர் போன் செய்தான். முகையூர்க்காரன், கூட ஆள் இல்லாமல் ஓட்டுகிறவன்.

"அண்ணே, அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். என்னயே கேட்டுக்கினு இருக்காராம். வண்டிய எறக்கிட்டா போய்டுவேன். கொஞ்சம் சொல்லுங்கண்ணே."

சொன்னேன். எப்படி? எட்டாவது மெயிலின் கடைசி வரியில், டிரைவருக்கு வீட்டில் அவசரம் என்று எழுதினேன். அதற்கு மேலே பில் பற்றி பத்து வரி இருந்தது. அந்தக் கடைசி வரிக்கு யாரும் பதில் போடவில்லை.

அந்த அம்மாவின் போன் நம்பர் அவர் அனுப்பிய ஒவ்வொரு மெயிலின் அடியிலும் இருந்தது. பேசினால் ஆதாரம் இருக்காதே என்று நினைத்தேன். பதினாலு மெயில் ஆனபோது மூன்று மணி தாண்டிவிட்டது. அப்போதுதான் நம்பரை அழுத்தினேன்.

"சார், ரெண்டாவது பில்லு எனக்கு வரவே இல்லீங்க. மேனேஜரு போட்ட பதில்லதான் என்னச் சேத்தாரு. நீங்க மொதல்ல அனுப்புன பைலு அதுல வரலியே."

பதில் போட்டால் முதல் மெயிலோடு சேர்த்த கோப்பு கூடப் போகாது. அது எனக்கும் தெரியும். பில்லை அவர் போனுக்கு அனுப்பினேன். டிரைவர் விஷயத்தையும் சொன்னேன்.

"அய்யோ, முன்னாடியே ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்" என்றவர், உடனே ஆட்களிடம் சரக்கை இறக்கச் சொன்னார். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. பேசி முடிந்தது, பில் இணைத்திருக்கிறேன் என்று எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டு மூடினேன்.

டிரைவரின் அப்பா இரண்டரைக்கே போய்விட்டிருந்தார்.

காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தவன், சாவி வாங்கும்போது கேட்டான்.

"அவங்களுக்கு எப்பண்ணே போன் பண்ணீங்க?"

"மூணுக்கு மேல."

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.