மூணாவது ஆளு யாரு

எங்கப்பா காலத்துல, பிரெஞ்சுக்காரன் ஆண்டப்ப, பத்திரம்லாம் பிரெஞ்சுல இருந்துச்சாம். பத்திரம் எழுதற நொத்தேர் படிச்சிக் காட்டுவாராம், அப்பா தலைய ஆட்டிட்டு ரேகை வச்சிட்டு வருவாராம். என்னா எழுதிருக்குதுன்னு கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. எனக்கும் எழுத்து தெரியாது. ஆனா தமிழ்ல படிச்சா காது கேக்கும். அதனால எந்தப் பேப்பரா இருந்தாலும் கை வைக்கறதுக்கு முன்னாடி, எங்க மருமவள முழுசா படிக்கச் சொல்லிடுவேன். ரேஷன் கார்டு பேப்பரக்கூட அப்படித்தான். அவளுக்குச் சலிப்புதான், இருந்தாலும் படிப்பா.

போன வருசம் எனக்கும் எங்க பங்காளி தம்பிக்கும் நெலம் மாத்திக்கற பேச்சு வந்துச்சி. சித்தப்பா மவன், என்ன விட ரொம்பச் சின்னவன். பாகூர் ரோட்டோரமா என்னது ஒரு துண்டு கெடந்துச்சி. அவனுக்கு அங்க வூடு கட்டணும். உள்ள தள்ளி அவனோட கழனி ஒண்ணு எங்க கழனிய ஒட்டியே இருந்துச்சி. குழிக் கணக்கு பாத்தா ரெண்டும் ஏறக்குறைய சமம். சரி, மாத்திக்கலாம்னு முடிவாச்சி. ஆனா அந்தக் கழனிக்குத் தண்ணி வரது அவனோட போர்லேந்துதான். அந்த போரு பக்கத்துத் துண்டுல இருக்குது, அது அவன்கிட்டயே நிக்குது. தண்ணி இல்லாத கழனி எனக்கு எதுக்கு? அதனால, அந்த போர்லேந்து நான் பாய்ச்சிக்கலாம்னு பத்திரத்துலயே எழுதணும்னேன். அவனும் சரின்னான். சட்டுனு சரின்னான். அதுவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சி. ஒரு மூட்ட எருவுக்கு அரை நாள் பேசறவன் அவன்.

அதுக்கு முன்னாடியே ஒண்ணு நடந்துச்சி. அரியாங்குப்பம் பக்கத்து ஆளு ஒருத்தன், கூலிங்கிளாசு போட்டவன், பிளாட்டு போட்டு விக்கறவனாம், பைக்குல வந்து இவன்கூட எங்க வரப்புல நடந்துக்கினு இருந்தான். காலால மண்ணத் தட்டித் தட்டிப் பாத்தான். கழனியப் பாக்கறவன் குனிஞ்சி கையால எடுத்துப் பாப்பான். இவன் செருப்பு காலால தட்டறான். ஆருடா அதுன்னு கேட்டேன். பழக்கமானவரு அண்ணேன்னான். நானும் வுட்டுட்டேன். ஆனா மனசு வுடல.

பத்திரம் எழுதறவரு ரெஜிஸ்டர் ஆபீசுக்கு எதிர்ல கடை வச்சிருக்காரு. கம்ப்யூட்டர் வச்சி அடிக்கறாரு. மொதல்ல வெள்ளப் பேப்பர்ல அடிச்சிக் குடுத்தாரு, சரி பாத்துட்டு வாங்க, அப்புறம் முத்திரத்தாள்ல எடுக்கலாம்னு. கடை பெஞ்சுல நான், மருமவ, தம்பி மூணு பேரும் ஒக்காந்தோம். மருமவ படிக்க ஆரம்பிச்சா.

மொதல்ல அவன் பேரு, அவன் அப்பா பேரு, வயசு, ஊரு எல்லாம் வந்துச்சி. அதுக்கப்புறம் ‘இனி இப்பத்திரத்தில் முதல் நபர் என்று அழைக்கப்படுபவர்’னு வந்துச்சி. அந்தச் சொல்லு அவரு வாரிசுங்களயும் குறிக்கும்னு இன்னொரு வரி. அடுத்து என் பேரு, அதே மாதிரி, ‘இனி இப்பத்திரத்தில் இரண்டாவது நபர் என்று அழைக்கப்படுபவர்’. அதுக்கும் வாரிசுங்க சேத்தி. நல்லா இருக்குதேன்னு நெனச்சேன். பேரத் திருப்பித் திருப்பி எழுத வாணாம், மொதல் ஆளு அவன், ரெண்டாவது ஆளு நானு. முதல் நபர் இதக் குடுக்கறாரு, இரண்டாவது நபர் அதக் குடுக்கறாருன்னு நேரா போச்சி. நானும் கண்ண மூடிக்கினு கேட்டுக்கினு இருந்தேன்.

மூணாவது பக்கத்துல தண்ணி விசயம் வந்துச்சி. ‘எழுதிக்கொடுப்பவர் தன் நிலத்தில் உள்ள போர்வெல்லிலிருந்து எழுதிவாங்குபவர் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளச் சம்மதிக்கிறார்’னு படிச்சா.

நிறுத்தும்மான்னேன். ரெண்டு பேர்தான் இருந்தோம், இது ஆரு புதுசா? எனக்கு ஒடனே அந்தக் கூலிங்கிளாசுதான் ஞாபகம் வந்துச்சி. எழுதிவாங்குபவர்னா வாங்கறவன். எவனுக்கோ எழுதிக் குடுத்துட்டு, அவனுக்குத் தண்ணிய வச்சிட்டு, நமக்கு வெறும் மண்ணக் காட்றானோன்னு தோணிச்சி.

“யார்டா இந்த வாங்கறவன்?”னு தம்பியக் கேட்டேன்.

“நீதாண்ணே. வேற யாரு.”

“அப்ப ரெண்டாவது நபர் ஆரு?”

“அதுவும் நீதான். உனக்கு ரெண்டு பேரு வச்சா கசக்குதா?”

சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. பத்திரம் எழுதறவரக் கூப்புட்டேன். அவரு கண்ணாடியத் தூக்கிக்கினு படிச்சாரு, நாக்கக் கடிச்சிக்கினாரு. வேற ஒரு கிரயப் பத்திரத்துல இதே மாதிரி தண்ணி விசயம் இருந்துச்சாம், அதுலேந்து எடுத்து இதுல ஒட்டினாராம். பேர மாத்த மறந்துட்டாராம். கிரயத்துல ஒருத்தரு குடுக்கறாரு, ஒருத்தரு வாங்கறாரு, அதனால அந்தப் பேரு பொருந்தும். இது பரிவர்த்தனை, ரெண்டு பேரும் குடுக்கறீங்க, ரெண்டு பேரும் வாங்கறீங்க, இங்க அது ஆரையும் காட்டாதுன்னாரு. முதல் நபர்னு வைக்கலாம், முதல் தரப்பினர்னு வைக்கலாம், ஒண்ணு இலக்கமிட்டவர்னும் சில பேரு வைப்பாங்க, எது வச்சாலும் மேல வச்சத கடைசி வரைக்கும் வைக்கணும், நாளைக்குக் கோர்ட்டுல இது ஆருன்னு கேப்பான்னாரு. ஒளிக்காமதான் சொன்னாரு.

உக்காந்து மாத்தினாரு. ‘முதல் நபர் தன் நிலத்தில் உள்ள போர்வெல்லிலிருந்து இரண்டாவது நபர் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ள’ன்னு வந்துச்சி. எனக்குப் பாரம் எறங்குச்சி.

அப்பதான் தம்பி வாயத் தொறந்தான். அது வரைக்கும் சிரிச்சிக்கினு இருந்தவன், மொகம் மாறிடுச்சி.

“அப்படிப் போட்டா வாரிசுக்கும் போவுமே?” பத்திரம் எழுதறவரப் பாத்துத்தான் கேட்டான், என்னப் பாக்கல.

ஆமாம், இரண்டாவது நபர்னா வாரிசும் சேத்தின்னு மேலயே சொல்லிருக்குது, எழுதிவாங்குபவர்னு இருந்தா அது கெடையாதுன்னாரு அவரு.

“அண்ணன் இருக்கற வரைக்கும்னுதான் பேசினோம். பையன் காலத்துக்கும்னு நான் சொல்லல.”

நான் அப்படிப் பேசவே இல்ல. கழனி என் பையனுக்குத்தான் போவும், தண்ணி என்னோட செத்துடணுமான்னேன். அந்தப் பழைய வரி தம்பியே சொல்லி வச்சதா, நெசமாவே ஒட்டினப்ப நடந்த தப்பா? பத்திரம் எழுதறவரு மொகத்தப் பாத்தா நெசம் மாதிரிதான் இருந்துச்சி. இவன் மொகத்தப் பாத்தா, எங்கியோ தப்பு நடந்திருக்குது, நமக்கு நல்லதாப் போச்சின்னு கம்முனு இருந்தவன் மாதிரி இருந்துச்சி. ரெண்டுல எதுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியல.

வாணாம்னா வுட்டுடலாம், ரோட்டுத் துண்டு என்கிட்டயே இருக்கட்டும்னு எழுந்தேன். மருமவ கைய இழுத்தா, ஒக்காருங்க மாமான்னு. அவன் வெளில போயி ரொம்ப நேரம் போன்ல பேசினான். ஆருகிட்டன்னு தெரியல. கூலிங்கிளாசுகிட்டயோ, பொண்டாட்டிகிட்டயோ. திரும்பி வந்து, எப்படியோ போடுங்கன்னான்.

முத்திரத்தாள்ல எடுத்தப்புறமும் மொதல்லேந்து படிக்கச் சொன்னேன். ஆபீசுல கூப்புட்டுட்டாங்க, கடைப் பையன் அவசரப்படுத்தினான், தம்பி கதவுகிட்ட நின்னு கடியாரத்தப் பாத்தான். நான் அசையல. முதல் நபர், இரண்டாவது நபர், வேற ஆளு எவனும் உள்ள வரல. அப்புறந்தான் போயி ரேகை வச்சேன், போட்டோ புடிச்சாங்க.

வெளில வந்தப்ப அவன் டீ குடிக்கலாமான்னுகூட கேக்கல. பஸ்சுல முன்னாடி சீட்டுல போயி ஒக்காந்துக்கினான். எனக்கு வேற கவல. நீ படிச்ச அதே பேப்பரத்தான் உள்ள குடுத்தாங்களான்னு மருமவளக் கேட்டேன். அதேதான் மாமா, என் கையாலதான் குடுத்தேன்னா. கிருமாம்பாக்கம் தாண்டினப்புறம் இன்னொரு வாட்டி கேட்டேன்.