பின்சீட்டில் கஃபீல், முன்சீட்டில் ஓடிப்போனவன்

எங்கள் ரியாத் தெருவில் என்னைப் போல வீட்டு டிரைவர், நேபாளத்து ஹோம்நாத். வேறு வீட்டுக்கு மாற அனுமதி கேட்டான். விசா கொடுத்த முதலாளி, அதாவது கஃபீல், அபு ராகான் பதிலே சொல்லவில்லை. ஆள் ஓடிவிட்டான் என்று போனிலேயே 'ஹுரூப்' புகார் பதிந்துவிட்டு, தினமும் அவன் ஓட்டும் வண்டியிலேயே ஏறினார். ஓடிப்போனவன் ஓட்டினால்தான் அந்த மனுஷனுக்குத் தூக்கம் வரும்போல.

நேற்று சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் ஹோம்நாத்தின் இக்காமா, அதாவது குடியிருப்பு அட்டை, எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"நீ கஃபீலை விட்டு ஓடினவன்."

"ஓடலை சார். பின்னாடி தூங்குறாரே, அவர்தான் என் கஃபீல்."

அபு ராகான் கண்ணைக் கசக்கிக்கொண்டு கண்ணாடியை இறக்கினார்.

"சும்மா மிரட்டத்தான் புகார் போட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

"கம்ப்யூட்டர்ல ஓடிட்டான்னு இருக்கு. உள்ளே வச்சுத்தான் ஆகணும். அப்புறம் நாடு கடத்துவாங்க. முதல்ல புகாரை ரத்து பண்ணிட்டு வாங்க, பேசலாம்."

ஹோம்நாத்துக்கு விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். அபு ராகானுக்கு அப்போதுதான் பதறியது.

"இவனைக் கூட்டிட்டுப் போயிட்டா என்னை யார் வீட்டுல விடுறது?"