ஒரே தடவையில் உள்ளே போன மெழுகு அண்ணன்

பல் செட் செய்யும் அந்தப் பட்டறையில் அவளுக்குக் கடி அக்கா என்று பெயர். பதினோரு வருடம் அவள் பார்த்த வேலை அப்படி. பிளாஸ்டரில் வார்த்த மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் ஒரு கீலில் பூட்டி, நடுவே நீலக் காகிதம் வைத்து, அந்தப் பொம்மை வாயைக் கடிக்க வைப்பாள். எந்தப் பல் முந்திக்கொள்கிறது, எது எட்டாமல் நிற்கிறது என்பது காகிதம் விட்ட கறையில் தெரிந்துவிடும். அவள் அடிக்கும் ஜோக்குகளைக் கேட்டவர்கள், பெயர் வைத்தவன் வேறு எதையோ மனதில் வைத்துத்தான் வைத்திருக்கிறான் என்பார்கள்.

பிறகு பல் செய்யும் தூள் அவள் கைக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. விரல்கள் வெடித்தன. தோல் மருத்துவர், "தூளா, தோலா? ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனிதர். ஆளை விட மனமில்லாமல், "கம்ப்யூட்டர் ரூம்ல யாராவது இருக்கணும்மா, கத்துக்கறீங்களா?" என்றார். ஒரு வருடம் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். அவளுக்குக் கிடைத்த அறையில் சர்வர் ஒன்று, அட்டைப்பெட்டிகள் நாற்பது, ஜன்னல் கிடையாது.

பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அளவுகள் எல்லாம் அந்த சர்வரில்தான் வந்து உட்காரும். வடிவமைப்பாளர்கள் ஏழு பேர். நாலு பேர் பட்டறையில், மூன்று பேர் அவரவர் வீட்டில். ஏழு பேரும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே வந்துதான் வேலை செய்ய வேண்டும். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, எந்த முகவரியிலிருந்து, சொன்ன கடவுச்சொல் சரியா தப்பா என்பதை சர்வர் வரிக்கு வரி எழுதிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிவைப் படிப்பது அவள் வேலைகளில் ஒன்று.

முதல் வாரம் அதைத் திறந்து பார்த்தவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரே நாளில் பதினாலாயிரம் தப்பு முயற்சிகள்! கேட்டறியாத நாடுகளிலிருந்தெல்லாம் யார் யாரோ கதவைத் தட்டியிருந்தார்கள். அவள் ஓடிப்போய் இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டாள். பட்டறை மூன்று மணி நேரம் படுத்துவிட்டது. ஓய்வு பெற்ற வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அன்றைக்குப் புதுப் பல்லோடு ஒரு விழாவில் பேச வேண்டியவர். பொக்கை வாயோடு பேசினார். பெயர்களில் இருந்த 'ச' எல்லாம் காற்றாகப் போயிற்றாம்.

பிறகுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. அந்தப் பதினாலாயிரமும் இயந்திரங்கள் அடிக்கும் கூத்து. 'அட்மின்', 'டெஸ்ட்', 'கெஸ்ட்' என்று வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி, உலகத்தில் உள்ள எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டு போகும். அந்தப் பெயரில் இங்கே ஆளே இல்லை. இல்லாத ஆள் என்று பதிவு வரியிலேயே எழுதியிருக்கும். இல்லாதவனுக்கு எந்தக் கடவுச்சொல் சரியாகும்?

அதிலிருந்து அவள் படிக்கும் முறையே மாறிப்போனது. டீ குடித்து முடித்ததும் தப்பான வரிகளை ஒதுக்கிவிட்டு, சரியான வரிகளை முதலில் பார்ப்பாள். "தோத்தவன் எத்தனை பேருன்னு அப்புறம் எண்ணிக்கலாம், ஜெயிச்சவன் யாருன்னு சொல்லு" என்பாள், யாரும் கேட்காவிட்டாலும்.

அப்படிப் படித்துப் படித்து எல்லாருடைய குணமும் அவளுக்கு அத்துப்படியாயிற்று. கடிகாரம் வைத்தாற்போல ஒன்பது மணிக்கு வருகிறவர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை தப்பாக அடிக்கிறவர், கால் மணிக்கு ஒருமுறை வந்து கோப்புகளைப் பிரதி எடுக்கும் இயந்திரம். எல்லாருக்கும் மேலே மெழுகு அண்ணன். முப்பது வருடம் கையால் மெழுகில் பல் செதுக்கியவர், இப்போது அதையே திரையில் செதுக்குகிறார். முதல் தடவையிலேயே கடவுச்சொல்லைச் சரியாக அடித்த வரலாறு அவருக்குக் கிடையாது. ரெண்டு தப்பு, மூணாவது சரி. நல்ல நாளிலேயே அதுதான் கணக்கு.

முதலாளி காசு கொடுத்து ஒரு காவல் மென்பொருள் வாங்கிப் போட்டிருந்தார். பத்து நிமிடத்துக்குள் ஒரே பெயரில் ஐந்து தப்பு விழுந்தால் அது கணக்கைப் பூட்டி, முதலாளி போனில் கூவும். எல்லாரும் அதைச் சைரன் என்றார்கள். போன வெள்ளிக்கிழமை அது கூவியது. முதலாளி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"அம்மா, திருடன்!"

"திருடன் இல்ல சார், மெழுகு அண்ணன். கண்ணாடியை வீட்ல விட்டுட்டு வந்துட்டார்."

அன்று அவருக்குப் புதுக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தாள். மறந்துபோன எல்லாருக்கும் அவள் கொடுப்பது அதுதான்: பட்டறையின் பெயர், பக்கத்தில் நடப்பு வருடம். "உடனே மாத்திடுங்கண்ணா" என்றாள். அவர் "ஆகட்டும்மா" என்றார். அவர் மாற்றவில்லை. மாற்றினாரா என்று அவளும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்து இருக்கும். டீ குடித்துவிட்டுச் சரியான வரிகளை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்பது நாலுக்கு மெழுகு அண்ணன் வந்திருந்தார், முன்னால் ரெண்டு தப்போடு. நல்லது, மனுஷர் சுகமாக இருக்கிறார். கீழே, சரியாகப் பதினொரு மணிக்கு, மறுபடியும் மெழுகு அண்ணன். தப்பு ஒன்றுகூட இல்லை. எடுத்த எடுப்பில் சரி.

முகவரியைப் பார்த்தாள். பட்டறை முகவரி இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் மூவருடையதும் இல்லை.

பிளாஸ்டர் அறைக்கு ஓடினாள். அண்ணன் முழங்கை வரை வெள்ளையாக நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, பதினொரு மணிக்கு சர்வருக்குள்ள போனீங்களா?"

"பத்தரையிலேர்ந்து இங்கதாம்மா நிக்கறேன். இந்தக் கையோட எதைத் தொட?"

"மொத தடவையிலேயே சரியா அடிச்சு உள்ள போயிருக்கீங்கண்ணா."

அவர் ஒரு நொடி பெருமைப்பட்டார். பிறகு முகம் மாறியது. "நானா? சத்தியமா நான் இல்லம்மா."

திரும்பி ஓடி வந்து, ஒதுக்கிவைத்த தப்பு வரிகளைப் பிரித்தாள். இல்லாத பெயர்களை எல்லாம் வடிகட்டியதும் மீதி விழுந்தது. ஒன்பது நாற்பதுக்கு ஒரு வடிவமைப்பாளர் பெயரில் ஒரே ஒரு தப்பு. பத்து மணிக்கு அடுத்தவர் பெயரில் ஒன்று. பத்து இருபது, பத்து நாற்பது. நாலு பேர், ஆளுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் வேறு வேறு முகவரியிலிருந்து, பெயர்கள் அகரவரிசையில். ஐந்தாவது பெயர் மெழுகு அண்ணனுடையது. தனித்தனியாகப் பார்த்தால் யாரோ விரல் தவறிய மாதிரிதான் இருக்கும். வரிசையாக வைத்தால் ஒருவன் பொறுமையாகப் படியேறி வருவது தெரிந்தது. பெயர்களைத் தேட அவன் சிரமப்பட்டிருக்க மாட்டான். பட்டறையின் இணையப் பக்கத்தில் ஏழு பேரும் சிரித்த முகத்தோடு மின்னஞ்சலோடு நிற்கிறார்கள்.

இப்போது உள்ளே யார் என்று சர்வரைக் கேட்டாள். ரெண்டு மெழுகு அண்ணன்கள் இருந்தார்கள்.

கை தானாகக் கேபிளுக்குப் போயிற்று. நிறுத்திக்கொண்டாள். மதியத்துக்குள் இருபத்திரண்டு வாய்களுக்குப் பல் போக வேண்டும். வெளியிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியை மட்டும் மூடினாள். பதிவை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்தாள். அண்ணனின் கணக்கைப் பூட்டினாள். பூட்டினால் புதிதாக வருகிறவன்தான் நிற்பான், ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவன் அசைய மாட்டான். அதனால் வெளி முகவரியிலிருந்து வந்த அந்த இணைப்பைத் தேடித் துண்டித்தாள். பிறகு அண்ணனின் கோப்புறையைத் துழாவினாள். கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வர உதவும் சாவிக் கோப்பு ஒன்று, இரண்டு நிமிடம் முன்னால் எழுதப்பட்டிருந்தது. பூட்டுச் சாவியையே வாரத்துக்கு ஒருமுறை தொலைக்கிற மனுஷருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அதையும் பிரதி எடுத்துவிட்டு அழித்தாள். நிர்வாகி அதிகாரம் கேட்டும் அவன் ஒரு தடவை முயன்றிருந்தான். இந்த ஆளுக்கு அந்த அனுமதி இல்லை என்று சர்வர் மறுத்திருந்தது. மறுத்ததையும் எழுதி வைத்திருந்தது.

எல்லாம் முடிய ஒன்பது நிமிடம். வீட்டிலிருந்து வேலை செய்கிற மூன்று பேரும், ஏன் உள்ளே போக முடியவில்லை என்று மாறி மாறிப் போன் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், திருடன்."

"மெழுகு அண்ணனா?"

"இல்ல சார். இது நெஜத் திருடன்."

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சைரன் கூவவே இல்லையேம்மா?"

"அதுக்கு எண்ணத்தான் சார் தெரியும். ஒருத்தருக்கே அஞ்சு தப்பு விழுந்தா கூவும். இவன் ஆளுக்கு ஒண்ணுதான் போட்டான், அதுவும் இருபது நிமிஷம் விட்டு விட்டு."

"அண்ணனோட கடவுச்சொல் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் கதவைச் சாத்தினாள். "நான் போட்டுக் குடுத்தது சார். பட்டறை பேரும் வருஷமும். எல்லாருக்கும் அதையேதான் குடுப்பேன். யாரு வேணாலும் ஊகிக்கிற கடவுச்சொல்தான் அது, அதையேதான் ஒவ்வொரு பேரா போட்டுப் பார்த்திருப்பான். தப்பு அண்ணன் மேல இல்ல, என் மேல."

முதலாளி மேசையில் இருந்த மாதிரித் தாடையைத் திறந்து மூடினார்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"அப்ப நீங்களே உக்காந்து சரி பண்ணுங்க. என்னென்ன போச்சுன்னு எழுதிக் குடுங்க, டாக்டருங்களுக்கு நானே போன் பண்றேன்."

அவன் பிரதி எடுத்துப் போனவை மூன்று தாடைகளின் அளவுகள். எதற்காக எடுத்தான், இன்னும் என்ன செய்ய நினைத்தான் என்பது கடைசிவரை தெரியவில்லை. முதலாளி போன் செய்தபோது ஒரு மருத்துவர் திட்டினார், இன்னொருவர், "பல்லையுமா திருடறாங்க!" என்று சிரித்தார். அந்த வாரத்துக்குள் ஏழு பேர் கடவுச்சொல்லும் மாறியது. மறந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு விதமாகக் கொடுத்தாள். முதல் நுழைவிலேயே மாற்றாவிட்டால் சர்வர் உள்ளே விடாது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கடவுச்சொல்லோடு போனில் வரும் எண்ணும் வேண்டும் என்றாயிற்று. இணையப் பக்கத்தில் சிரித்த முகங்கள் மட்டும் நின்றன, மின்னஞ்சல்கள் போயின.

திருடன் வந்த அந்தச் செவ்வாய் அன்று அவள் வீட்டுக்குப் போகும்போது மணி ஆறரை. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவளுக்கு முன்பே வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள், தன் தப்பையும் சேர்த்து. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மூணு தாடையும் யாரோடது?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேங்க."

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்டயும்தான்."

அவர் தாடையைத் தடவிக்கொண்டே மறுபடி கத்தியை எடுத்தார். அவளும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து பூண்டு உரித்தாள்.