தானாக இறங்கிய பிரஸ்ஸும் ஒரு ரெஸ்யூமும்

சூளகிரி சர்வீஸ் ரோட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ரெஸ்யூம் அடித்துக் கொடுப்பதுதான் அங்கே பாதி வேலை. அதற்கு முன் ஓசூரில் ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். ஆபீஸில் மூன்று வருடம் இருந்தேன். வேலை விளம்பரம் எழுதுவதும், வருகிற ரெஸ்யூம்களைக் கழித்துக்கட்டுவதும் என் பொறுப்பு.

ஒரு நாள் ரெஸ்யூம் அடிக்க ஒருவர் வந்தார். முதலில் கையைத்தான் பார்த்தேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. கெலமங்கலம் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் ஒன்பது வருடம் வேலை பார்த்ததாகச் சொன்னார். பிரஸ் மெஷினில் டையை, அதாவது தகட்டை வெட்டும் அச்சை, மாற்றும் செட்டர் வேலைக்கு வந்த விளம்பரத்தைப் போனில் காட்டினார். வேகமான வேலைக்கு ஃபாஸ்ட் பேஸ்ட், சொல்லாமலே செய்கிறவருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர், பொறுப்பேற்பதற்கு ஓனர்ஷிப் என்று அதில் இருந்தது. கூட்டமாக இருந்த நேரம். அந்த மூன்று வார்த்தைகளையும் அப்படியே எடுத்து அவருடைய ரெஸ்யூமின் தலையில் ஒட்டிக் கொடுத்தேன். எல்லோருக்கும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் திரும்பி வந்தார். ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கி, கண்ணாடியின் மேல் இடது கையால் ஓங்கிக் குத்தினார். அது உடைந்தது. மறுபடியும் குத்தினார்.

பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். நின்றிருந்த பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும், என்ன விஷயம் என்று கேட்காமலே, ஆளுக்கு ஒரு அடி அடித்தார்கள். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். முதல் நாலைந்து அடிகள் விழும்போது, விழட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. அதை ஒளிக்க விரும்பவில்லை. டயர் கழற்றும் லீவரை ஒருவன் ஓங்கியபோதுதான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். அதற்குள் அவருடைய உதடு கிழிந்து, சாக்கடை ஓரமாக ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார்.

போலீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தையல் போட வரிசை இருந்தது. பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். கைக்குட்டையால் உதட்டை அழுத்திக்கொண்டே நடந்ததைச் சொன்னார். நாலு கம்பெனியிலிருந்து பதிலே இல்லை. அன்று காலை ஐந்தாவது இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கிருந்த ஆபீசர் ரெஸ்யூமைச் சத்தமாகப் படித்துவிட்டு, செல்ஃப் ஸ்டார்ட்டர் என்று போட்டிருக்கிறாயே, எங்கே, ஒரு உதாரணம் சொல் என்று கேட்டிருக்கிறார். இவருக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தமே தெரியாது. வரிசையில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

"தானா ஸ்டார்ட் ஆனது பிரஸ்ஸுதான் மேடம். நானில்ல," என்றார்.

பிறகு விரல் போன கதை வந்தது. அவர் ஓட்டிய பிரஸ்ஸில், இறங்கி ஏறும் மேல்பாகத்தை நிறுத்துகிற பிரேக் வழுக்கிக்கொண்டிருந்தது. ஷிப்ட் நோட்டில் இரண்டு தடவை எழுதினார். சரக்கு போக வேண்டும், ஓட்டு என்றார் சூப்பர்வைசர். மூன்றாம் நாள், அடித்த பீஸை எடுக்கக் கையை உள்ளே விட்டபோது, யாரும் பட்டனை அழுத்தாமலே பிரஸ் இரண்டாவது தடவை இறங்கியது. விரல்கள் டைக்குள்ளேயே இருந்துவிட்டன. இடது கையால் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சூப்பர்வைசர் ரத்தத்தைத் துடைக்கச் சொல்லிவிட்டு, ஒரு பெண்ணை அதே மெஷினில் உட்காரச் சொன்னார். சாவியைக் கேட்டார். இவர் கொடுக்கவில்லை. அவர் இவருடைய சட்டைக் காலரைப் பிடித்துப் பாக்கெட்டுக்குள் கையை விட்டபோது, டை நகர்த்தும் கம்பியை இடது கையால் எடுத்து அடித்துவிட்டார். சூப்பர்வைசரின் தோள் எலும்பு முறிந்தது. மற்றவர்கள் சேர்ந்து, கையில் ரத்தம் சொட்டச் சொட்ட இவரைப் போட்டு அடித்தார்கள். வேலை போனது. எல்லாம் தன் கவனக்குறைவுதான் என்று ஒரு பேப்பரிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"அப்படிக் கையெழுத்துப் போடுறதுக்குப் பேரு ஓனர்ஷிப்புன்னாங்க."

"அது ஓனர்ஷிப் இல்லீங்கண்ணா," என்றேன். "சாவிய எடுத்துப் பாக்கெட்ல போட்டீங்க பாருங்க, அதுதான் ஓனர்ஷிப்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே கூப்பிடுகிற வரைக்கும் பேசினோம். விளம்பரத்தை மறுபடி எடுத்து, அந்த மூன்று வார்த்தைகளை விட்டுவிட்டு, கீழே இருந்த வேலை விவரத்தைப் படித்தேன். ஒரு ஷிப்டில் பல மாடல் ஓடும், டையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இருந்தது. அவர்கள் ஃபாஸ்ட் பேஸ்ட் என்று சொன்னது அதைத்தான். கையை வேகமாக உள்ளே விடுவதை அல்ல. ஒரு ஷிப்டில் எத்தனை டை மாற்றினீர்கள், ஒன்றுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். மூன்று என்றார். முதலில் முக்கால் மணி நேரம் ஆகும், பிறகு இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தோம் என்றார். எப்படிக் குறைந்தது என்று கேட்டபோது, அதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார்: அடுத்த டைக்கு வேண்டிய போல்ட்டு, ஸ்பேனர் எல்லாவற்றையும், மெஷின் ஓடும்போதே ஒரு தள்ளுவண்டியில் அடுக்கி வைத்துவிடுவாராம். யார் சொல்லி என்றேன். யாரும் சொல்லவில்லை என்றார். செல்ஃப் ஸ்டார்ட்டருக்கு உதாரணம் அதுவே போதும். அதற்கு அத்தாட்சி இருக்கிறதா என்றதும், டை மாற்றிய நேரத்தை எழுதும் போர்டின் படத்தைப் போனில் காட்டினார்.

மறுநாள் தையலோடு வந்து உட்கார்ந்தார். பழைய தலைப்பு வரியை அழித்தேன். அந்த மூன்று வார்த்தைகளில் ஒன்றைக்கூட எழுதவில்லை. டை மாற்றும் நேரம் ஒரு வரி, தள்ளுவண்டி ஒரு வரி. மூன்றாவது வரிதான் கஷ்டமாக இருந்தது. அவர் சொல்வதாக இப்படி எழுதினேன்: "பிரேக் கோளாறை ஷிப்ட் நோட்டில் இரண்டு முறை பதிவு செய்தேன். பிரஸ் தானாக இறங்கிய பிறகு மெயினைப் பூட்டி, வேறு யாரும் ஓட்டாதபடி தடுத்தேன். பிரேக் லைனிங் மாற்றிய பிறகே மெஷின் ஓடியது." கடைசித் தகவலை, அன்று அதே மெஷினில் உட்காரச் சொன்ன பெண்ணுக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டார். கம்பியால் அடித்ததை ரெஸ்யூமில் போட வேண்டியதில்லை, ஆனால் ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள் என்றேன்.

அடுத்த வாரமே ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டார்கள், அடித்ததைச் சொல்லிவிட்டார். ரெஸ்யூமைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். அன்று மாலை கடை வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து, பஞ்சர் கடைக்காரன் லீவரோடு எழுந்தான். நான் உட்காரச் சொன்னேன்.

ஓசூரில் ஒரு சின்ன ஷாப்பில் மூன்றாம் வரியைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் கேட்ட முதலாளி, பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு டையைக் காட்டி மாற்றச் சொன்னார். வலது கையில் மூன்று விரலோடு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. முதல் பீஸ் அளவில் சரியாக இருந்தது. மூன்று மாதம் பார்க்கலாம் என்றார், ஷாப்புக்குள் யார் மேலும் கை வைத்தால் அன்றே வெளியே என்கிற நிபந்தனையோடு.

அந்தச் செய்தியைச் சொல்ல வந்தபோதுதான் நான் ஒன்றைச் சொன்னேன். ஹெச்.ஆரில் இருந்தபோது பிரஸ் ஷாப்புக்கு ஆள் எடுக்க அந்த வார்த்தைகளை நானும் எழுதியிருக்கிறேன். வேறொரு விளம்பரத்தைப் பார்த்துக் காப்பி அடித்தது. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அந்த ஷெட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை.

அவர், கண்ணாடியை உடைத்ததற்காகத் தன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"எனக்கு உங்க மேல இருக்குது மேடம்," என்றார். "ஆனா ஷிப்டுக்கு நேரமாச்சு."