சாம்பல் போட்டுத் தேய்த்த குக்கர்

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். சூரமங்கலத்தில் ஒரு ரயில்வே அதிகாரி வீட்டில் நான் சமையல்காரன். பாத்திரம் தேய்ப்பது என் வீட்டுக்காரி. அதிகாரியின் சம்சாரத்துக்கு அவருடைய அண்ணன் பம்பாயிலிருந்து ஒரு அலுமினிய பிரஷர் குக்கர் அனுப்பியிருந்தார். அந்தப் பக்கம் வேறு யார் வீட்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

ஒருநாள் அந்த அம்மா அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"அண்ணன் நாளைக்குச் சாப்பிட வரார். உள்ளே பாரு, கரிச்சட்டி மாதிரி இருக்கு. மூடி ஓரமெல்லாம் ஆவி சீறுது. அவர் ஒரு வார்த்தை சொன்னா, நீங்க ரெண்டு பேரும் வேற வேலை பார்த்துக்கங்க."

என் வீட்டுக்காரி எருமப்பட்டிக்காரி. அவள் அம்மா வீட்டில் பித்தளை அண்டாவில் முகம் பார்த்துப் பொட்டு வைப்பார்களாம். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். சரி, அதை விடுங்கள்.

"என்னத்தப் புள்ள போட்டுத் தேச்ச?"

"சாம்பல்தானுங்க. கறுக்கக் கறுக்க, இன்னுங் கொஞ்சம் அள்ளிப்போட்டு ஊறவெச்சுத் தேச்சனுங்க."

"அதனாலதான் கறுத்துப்போச்சு! அலுமினியத்துக்குச் சாம்பல் ஆவாது. இது என்ன உங்கொம்மா ஊட்டு அண்டாவா?"

"கறுத்தா தேய்க்காம, கும்பிட்டுக்கிட்டா இருப்பாங்க?"

மூடியிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். அது உட்காரும் பள்ளத்தில் கஞ்சி காய்ந்து பொருக்காக இருந்தது. பிறகு ஆவி சீறாமல் என்ன செய்யும்? வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு வளையத்தைக் கழுவி, பள்ளத்தைத் துணியால் துடைத்தேன். திரும்பினால் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறாள்.

"வண்டி அச்சுக்குப் போடறாப்பல ஒரு சொட்டு..."

"வேண்டாஞ் சாமி! ரப்பர் ஊதிப்போயிரும்."

வளையத்தை நிழலில் உலர்த்திவிட்டு வருவதற்குள், மூடியில் ஆவி போகும் துளைக்குள் விளக்குமாற்று ஈர்க்கை விட்டுக் குடைந்திருக்கிறாள். ஈர்க்கு உள்ளேயே முறிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன். துளை அடைத்த மூடியை அடுப்பில் ஏற்றினால் குக்கரே வெடித்துவிடும். மெல்லிய கம்பியை உட்புறமிருந்து நுழைத்து, முறிந்த துண்டை வெளியே தள்ளினேன். ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். துளையில் வெளிச்சம் தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

அப்புறம் கறுப்பு. புளியைக் கரைத்து, கறை மூழ்கும்வரை ஊற்றி, மூடி போடாமல் கொதிக்கவிட்டேன். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. போதவில்லை. கொட்டிவிட்டுப் புதுப்புளி போட்டு மறுபடியும் கொதிக்கவைத்து, தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்தேன். வெள்ளையாகிவிட்டது.

மறுநாள் காலையில் அந்த அண்ணன் வந்தார். நேரே சமையற்கட்டுக்குள் நுழைந்து குக்கருக்குள் எட்டிப்பார்த்தார்.

"ஏம்மா, இதை அடுப்பிலேயே ஏத்தலையா? அனுப்பினபடியே வெச்சிருக்கே! பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே."

அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. என் பக்கம் திரும்பினார்.

"உன்னை யாருய்யா இவ்வளவு தேய்க்கச் சொன்னது?"

எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரி முணுமுணுத்தாள்: "நாந் தேச்சபடியே உட்டிருந்தா இந்தப் பேச்சு வந்திருக்குமுங்களா?"

அண்ணன் கண்ணெதிரே அன்றைக்குப் பருப்பும் சோறும் அதில்தான் வேக வேண்டும் என்று அந்த அம்மாவின் உத்தரவு. ஓரத்தில் துளி ஆவி சீறவில்லை. வேலையும் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினேன்.