பன்னிரண்டு கிலோ குண்டும் ஒரு ரப்பர் டியூபும்

மகளுடைய வலது முன்கையில் போட்டிருந்த மாவுக்கட்டை வெட்டி எடுத்த அன்று, உள்ளேயிருந்து வந்த கையை இடது கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். இடது கையில் பாதிதான் இருந்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், என் சைக்கிளுக்கு முன்னால் மொபட்டில் போய்க்கொண்டிருந்தவள், பஞ்சு லாரிக்கு ஒதுங்கும்போது சறுக்கி விழுந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருக்க விழுந்தாள். இன்றைக்கும் பின்னால் லாரி சத்தம் கேட்டால் சைக்கிளை நிறுத்தி ஓரமாக இறங்கிவிடுகிறேன்.

"எலும்பு நல்லா சேர்ந்திருச்சு. இனி சதைதான் வரணும். கொஞ்சம் கொஞ்சமா பாரம் தூக்கிப் பழகட்டும்" என்றார் டாக்டர்.

"கொஞ்சம்னா எம்புட்டு டாக்டர்?" என்று கேட்டேன்.

"வலிக்காத அளவு. பொறவு அதுக்கு மேல கொஞ்சம்."

மதுரையில் நர்சிங் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சேர மூன்று மாதம் இருந்தது. நர்சு என்றால் நோயாளியைப் பிடித்து எழுப்ப வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அந்தக் கையால் அவளுக்குத் தண்ணீர்க் குடத்தைக்கூட நகர்த்த முடியவில்லை. இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என நான் மனதுக்குள் முடிவே செய்திருந்தேன். சொல்வதற்குத்தான் தைரியம் வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. பள்ளிக்கு வாலிபால் வாங்கிய பழக்கம். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். இரண்டு பக்கமும் தட்டுகளை மாட்டிக் கழற்றுகிற டம்பெல்ஸ் ஒரு ஜோடி. மரப்பிடி போட்ட கெட்டியான ரப்பர் டியூப் ஒன்று. மூன்றாவதை எடுக்க அவர் கதவருகே போனார். காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருந்த இரும்புக் குண்டு அது. மேலே வளையம் போலக் கைப்பிடி.

"இது கெட்டில்பெல் சார். கோயம்புத்தூர்ல ஒருத்தர் வார்த்துக் குடுத்தாரு. பன்னெண்டு கிலோ. கால் ரெண்டுக்கும் நடுவுல விட்டு இப்படி ஆட்டணும். வாங்க ஆள் இல்ல. கதவுக்கு நல்லா உதவுது."

மகளுக்குக் கண் அதன் மேலேயே இருந்தது. "ஒரே சாமான், கை, இடுப்பு, கால் எல்லாத்துக்கும் ஆச்சுலப்பா" என்றாள்.

எனக்கு எங்கள் வீடு கண்முன்னால் வந்தது. மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்படி. கட்டில், பீரோ, தையல் மெஷின் போக, இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் ஒருவர் வழிவிட வேண்டும். அதற்குள் பன்னிரண்டு கிலோவை ஆட்டினால், கை நழுவும் நாளில் அது பீரோவுக்குப் போகுமா, கீழ்வீட்டுக் கூரைக்குப் போகுமா?

கடைக்காரரும் தலையை ஆட்டினார். "கட்டுப் பிரிச்ச கைக்கு இது வேண்டாம் பாப்பா. இதுல கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பன்னெண்டுன்னா பன்னெண்டுதான்."

"டம்பெல்ஸ்?" என்றாள் மகள்.

"கூட்டலாம், குறைக்கலாம். தட்டு மாட்டிட்டு இந்த போல்ட்ட மட்டும் இறுக்கிக்கிடணும். மறந்தா தட்டு காலுல விழும்."

காலில் விழும் என்ற சொல் எனக்குப் போதுமாக இருந்தது. ரப்பரை எடுத்துக்கொண்டேன். விழ எதுவும் இல்லை, சுருட்டினால் டிபன் டப்பாவுக்குள் அடங்கிவிடும்.

மகள் அதை ஜன்னல் கம்பியில் கட்டிக் காலையும் மாலையும் இழுத்தாள். கம்பிக்குப் பக்கத்தில் நின்றால் இழுவை லேசாக இருக்கும். ஓர் அடி பின்னால் தள்ளி நின்றால் கை நடுங்கும். ஒவ்வொரு வாரமும் அவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து கட்டில் வரைக்கும் வந்துவிட்டாள். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு அவள் கையையே பார்ப்பேன்.

"பேப்பர் தலைகீழா இருக்குப்பா" என்பாள்.

என் மனைவி தன் பங்குக்குத் தினமும் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து அவள் கைக்குத் தேய்த்துவிட்டுத்தான் டியூபைத் தொட விடுவாள். "எண்ணெ போடாம நரம்ப இழுத்தா என்னட்டி ஆகும்? இருக்கறதும் போயிரும்." பிள்ளை பெற்றவளுக்கும் எண்ணெய், விழுந்தவளுக்கும் எண்ணெய், எங்கள் வீட்டில் அதுதான் முதல் வைத்தியம். எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டென்று ஒரு சத்தம். மரப்பிடி அவள் கையிலேயே இருக்க, டியூப் அறுந்து ஜன்னலுக்குப் பறந்து, பலகையில் இருந்த எவர்சில்வர் டம்ளரைத் தட்டிவிட்டது. அவள் பின்னால் கட்டிலில் விழுந்தாள். பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, அது இடது கை" என்று சிரித்தாள் அவள். "ஒண்ணும் ஆகல. விடுங்க."

"போதும் தாயி. இந்த வருஷம் மதுர வேண்டாம்." மனதில் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். அறுந்த டியூபைக் கம்பியிலிருந்து அவிழ்த்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். கம்பியில் கட்டியிருந்த முனை புதுசு போல இருந்தது. பிடிப் பக்கம் மட்டும் உப்பி, பிசுபிசுவென்று விரிசல் விட்டிருந்தது. அவள் தன் உள்ளங்கையை முகர்ந்தாள்.

"எம்மா, உங்க எண்ணெ ரப்பரத் தின்னுருச்சும்மா."

"எண்ணெ ரப்பரத் திங்குமா? நல்லா இருக்கே கதை!" என்ற மனைவி, டியூபைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அது சரி. உங்கைய நான் விட்டுறணுங்கியா?"

"தேய்ங்க. நான் இரும்பப் பிடிக்கறேன், அது ஒண்ணும் ஆகாது. ஆனா கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு, தொடச்சிட்டுத்தான் தொடுவேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க பத்திரம்னு வாங்குனதுதானப்பா அறுந்துச்சு. அந்தத் தட்டு டம்பெல்ஸ வாங்கிக் குடுங்க. போல்ட்ட நீங்களே இறுக்குங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை மறுநாள் கடைக்கு அனுப்பியது. என் பயத்துக்கு அவள் ஒரு வேலை கொடுத்துவிட்டாள்.

முதல் வாரம் தட்டு மாட்டாமல், டம்பெல்ஸின் வெறும் கம்பியை மட்டும் தூக்கினாள். பிறகு பக்கத்துக்கு ஒரு சின்னத் தட்டு. ஸ்பேனரால் நான் இறுக்குவேன், ஆட்டிப் பார்ப்பேன், மறுபடியும் இறுக்குவேன். மில் கழிவுப் பஞ்சைச் சாக்கில் திணித்துத் தைத்துத் தரையில் போட்டோம். சாமான் அதன் மேல்தான் இறங்கும். அப்படியும் கீழ்வீட்டம்மா படியில் நின்று கேட்டாள்: "என்ன வாத்தியாரே, மேல மாவு மில்லு வச்சிருக்கியளா?"

"பயில்வான் வளக்கிறோம்" என்றாள் என் மனைவி.

கட்டில் அடியில் ஒரு முழ இடம் போதும் அவற்றுக்கு. தட்டுகள் கூடக்கூட கையிலும் சதை வந்தது. இடது கை அளவுக்கு இல்லை. ஆனால் குடம் நகர்ந்தது, பிறகு இடுப்பில் ஏறியது.

மதுரைக்குப் போக நாலைந்து நாள் இருக்கும்போது, "நீங்க இப்ப நோயாளி" என்று என்னைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது நர்சுகள் செய்ததைப் பார்த்திருக்கிறாள். என் முன்னால் முழங்காலை மடக்கி நின்று, இரண்டு கையையும் என் அக்குளுக்கு அடியில் கொடுத்து முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்தாள்.

"வேண்டாம் பாப்பா, கை..."

"நீங்க இப்படி வெறச்சிக்கிட்டு இருந்தா எப்படித் தூக்க? உடம்ப விடுங்கப்பா."

விட்டேன். அவள் முழங்கால் நிமிர்ந்தது, நானும் எழுந்தேன். அவளுடைய வலது கை என் விலாவில் கெட்டியாக இருந்தது. அப்படியே அரை வட்டம் திருப்பி, என்னைத் தையல் மெஷின் ஸ்டூலில் மெதுவாக இறக்கினாள். அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற என் மனைவி, "அம்புட்டுத்தானா? இனி என்னையும் ஒரு தூக்குத் தூக்கு" என்றாள்.

"இருங்கம்மா. ஒங்களுக்கு இன்னும் ரெண்டு தட்டுப் போடணும்."

நான் எழுந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த டம்பெல்ஸை வெளியே எடுத்தேன். போல்ட்டைக் கழற்றித் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, மதுரைக்குப் போகும் அவளுடைய பெட்டியின் அடியில் அடுக்கினேன். ஸ்பேனரை மேலாக, கைக்கு எட்டும்படி வைத்தேன்.